தொட்டாற்சுருங்கி: தொட்டதும் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

தும்பைப்பூ

தொட்டாற்சுருங்கி ஏன் மடங்குகிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது, விறைப்பு குறைகிறது, இலை மடங்குகிறது. பள்ளியில் நானும் இதைத்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். இப்போது தொட்டியில் ஒரு செடி வளர்க்கிறேன். பார்க்கப் பார்க்க அந்தப் பதில் போதவில்லை.

முதல் சந்தேகம். தண்ணீர் ஒரு நொடிக்குள் எங்கே போகிறது? இலைக்குள்ளா, தண்டுக்குள்ளா? வெளியே ஒரு சொட்டுக்கூட வரவில்லையே.

இரண்டாவது. தண்ணீர் போனால் துவள வேண்டும். துவண்டால் தொங்க வேண்டும். ஆனால் சிற்றிலைகள் தொங்கவில்லை, மேல்நோக்கி எழுந்து ஜோடி ஜோடியாகக் கைகூப்புகின்றன. நீர் இழந்த ஒன்று எப்படி மேலே எழும்?

நேற்றுக் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்தேன். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன வீக்கம் இருக்கிறதே, அதன் அடிப்பக்கத்தை ஊசிமுனையால் தொட்டேன். காம்பு விழத் தொடங்கும்போதே அந்த வீக்கத்தின் அடிப்பக்கம் கொஞ்சம் கருமையானது போல் இருந்தது. நிழல் விழுந்ததா, உண்மையிலேயே நிறம் மாறியதா?

கரிசல்

சுலபம்தான். இலையில் இருக்கிற தண்ணீர் காம்பு வழியாகத் தண்டுக்கு ஓடிவிடுகிறது. குழாயைத் திறந்துவிட்டால் தொட்டி காலியாவது போல. வெயிலில் தண்ணீர் ஊற்றாத செடி வாடுகிறதே, அதேதான். இங்கே கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

பழைய நுண்ணோக்கி

கரிசல், பாதி சரி. தண்ணீர் செல்லை விட்டுப் போவது உண்மை. ஆனால் தண்டுவரை ஓட நேரமும் இல்லை, தேவையும் இல்லை. வாடுவதோடு ஒப்பிட்டதுதான் நம்மை வேறு பக்கம் இழுக்கிறது. வாடிய செடியின் சிற்றிலையை விரலால் தொட்டுப் பாருங்கள், துணிபோல் இருக்கும். தொட்டதால் மடங்கிய சிற்றிலையைத் தொட்டுப் பாருங்கள், அதன் தகடு முன்பிருந்த அதே விறைப்போடு இருக்கும். தகட்டில் எதுவுமே நடக்கவில்லை. நடப்பதெல்லாம் மூட்டில்தான்.

பாடப்புத்தகம் அந்த மூட்டை அதைப்பு என்று சொல்லும். நான் மூட்டு என்றே சொல்கிறேன், கையில் பிடித்துப் பார்க்கிறபோது அந்தப் பெயர்தான் பொருந்துகிறது. ஒரு இலையில் மூன்று நிலைகளில் மூட்டுகள் உண்டு. காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பெரியது. காம்பின் நுனியில், சிற்றிலைகள் இருபுறமும் வரிசையாக நிற்கும் சீப்புகள் பிரியும் இடங்களில் நடுத்தரம். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஒரு பொடி மூட்டு.

தும்பைப்பூ கேட்ட இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதற்குள்ளேயே விடை இருக்கிறது. மூட்டின் நடுவில் நார்க்கட்டு ஒன்று ஓடுகிறது, முதுகெலும்பு மாதிரி. அதற்கு மேலே பாதி, கீழே பாதி என்று மெல்லிய சுவருள்ள செல்கள் அடைந்திருக்கின்றன. இரண்டு பாதியும் நீரை உறிஞ்சி உப்பி ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுகின்றன. பெரிய மூட்டில் கீழ்ப்பாதி காம்பை மேலே தள்ளுகிறது, மேல்பாதி கீழே தள்ளுகிறது. பார்ப்பவருக்கு இலை சும்மா விரிந்திருப்பது போல் தெரியும். உள்ளே இரண்டு பேர் கதவின் இரு பக்கமும் நின்று தோள்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். தொட்டதும் ஒரு பக்கத்து ஆள் சட்டென்று தோளை எடுத்துவிடுகிறார். கதவைச் சாய்ப்பது மற்ற ஆளின் பலம். அந்தப் பலத்தை அவர் புதிதாக வரவழைக்கவில்லை, இத்தனை நேரமும் அது அங்கேயேதான் இருந்தது.

பெரிய மூட்டில் தோளை எடுப்பது கீழ்ப்பாதி, அதனால் காம்பு விழுகிறது. சிற்றிலையின் பொடி மூட்டில் மேல்பாதி தோளை எடுக்கிறது, அதனால் கீழ்ப்பாதி சிற்றிலையை மேலே ஏற்றிவிடுகிறது. கைகூப்புவது இப்படித்தான்.

ஊமத்தை

எங்கள் செடி ஒரு மாதமாகச் சரியாக மடங்குவதில்லை. தொட்டால் ஒன்றிரண்டு சிற்றிலை அசைகிறது, அவ்வளவுதான். தண்ணீர் அழுத்தம் குறைவு என்றால் நிறைய ஊற்றினால் சரியாகுமா? தினம் இரண்டு வேளை ஊற்றுகிறேன், பலனில்லை.

வால்காக்கை

ஊமத்தை, தும்பைப்பூ கேட்டது வேறு அக்கா. இருந்தாலும் முதலில் ஊற்றுவதைக் குறையுங்கள், வேர் அழுகிவிடும்.

நுண்ணோக்கி ஐயா, இரண்டு பாதி கதை அழகாக இருக்கிறது. யாராவது சோதித்திருக்கிறார்களா? காம்பு தன் எடையால் விழுகிறது என்றும் சொல்லலாமே.

பழைய நுண்ணோக்கி

சோதித்திருக்கிறார்கள், அதுவும் மிக நேரடியாக. 1848இல் எர்ன்ஸ்ட் புரூக்கே என்ற உடலியல் அறிஞர் பெரிய மூட்டில் கத்தி வைத்துப் பார்த்தார். மேல்பாதியைச் செதுக்கி எடுத்தால், மீதமுள்ள கீழ்ப்பாதியோடும் காம்பு தொடுதலுக்கு அசைகிறது. கீழ்ப்பாதியை எடுத்துவிட்டால் காம்பு அப்போதே கீழே சாய்ந்துவிடுகிறது, அதற்கப்புறம் தொட்டாலும் அசைவதில்லை. இரண்டாவது விளைவைக் கவனியுங்கள். யாரும் தொடவில்லை, செல் எதுவும் நீரை விடவில்லை. எதிராளி இல்லாமல் போனதுமே மேல்பாதி தன் வழக்கமான தள்ளலால் காம்பைச் சாய்த்துவிட்டது.

எடை பற்றிய சந்தேகத்துக்குச் சிற்றிலையே பதில். அது எடைக்கு எதிராக மேலே போகிறது. நேராக நிற்கும் செடியில் காம்பு விழும்போது எடை கொஞ்சம் உதவுகிறது, மறுக்கவில்லை. வேண்டுமானால் தொட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, செடி அமைதியாகி இலை விரிந்த பிறகு காம்பைத் தொட்டுப் பாருங்கள். தரையை நோக்கித்தான் போக வேண்டும் என்று அதற்கு ஒரு கட்டாயமும் இல்லை, மூட்டின் கீழ்ப்பாதி இருந்த திசைக்கே மடங்கும்.

தும்பைப்பூ

கதவு உவமை பிடித்திருக்கிறது. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. தோளை எடுத்தவரின் தண்ணீர் எங்கே?

பழைய நுண்ணோக்கி

செல்லுக்கு வெளியே, மூட்டுக்குள்ளேயே. செல்களுக்கு நடுவே காற்று நிறைந்த சின்னச் சின்னச் சந்துகள் உண்டு. தண்ணீர் முதலில் அங்கேதான் கசிகிறது. நீங்கள் பார்த்த கருமை நிழல் இல்லை. உலர்ந்த மணல் வெளிறியிருக்கும், நனைந்தால் கருக்கும். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் ஒளி சிதறுவது குறைகிறது, அதனால் நிறம் ஆழமாகத் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த நிறமாற்றத்தைக் கவனித்திருக்கிறார்கள். வில்ஹெல்ம் ஃபெஃபர் இதை 1870களில் ஆராய்ந்தார், மூட்டை வெட்டி வைத்துத் தூண்டியபோது வெட்டுமுகத்தில் நீர் கசிவதையும் கண்டார். முழு இலையில் வெட்டுமுகம் இல்லை, ஆகவே உங்களுக்குச் சொட்டும் இல்லை.

கரிசல்

சரி, தண்டுக்குப் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் தானாக ஏன் வெளியே வருகிறது? தொட்டதும் சவ்வில் ஓட்டை விழுகிறதா?

பழைய நுண்ணோக்கி

நல்ல கேள்வி. தண்ணீரை நேரடியாக வெளியே தள்ளும் பம்பு எதுவும் செல்லிடம் கிடையாது. அது உப்பை நகர்த்தும், தண்ணீர் பின்னால் போகும். மூட்டுச் செல்லுக்குள் பொட்டாசியமும் குளோரைடும் செறிவாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. சவ்வூடு பரவலால் நீர் உள்ளே வந்து சுவரை அழுத்துகிறது, அதுதான் விறைப்பு. தொடுதல் வந்ததும் சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. கால்சியம் உள்ளே வருகிறது, குளோரைடு வெளியே பாய்கிறது, பின்னாலேயே பொட்டாசியமும் போகிறது. உப்பு போனபின் நீரை உள்ளே பிடித்துவைக்க ஆள் இல்லை. இழுத்துக் கட்டிய பலூன் மாதிரி இருந்த சுவர் சுருங்கும்போது அந்த அழுத்தமே நீரை வெளியே பிதுக்குகிறது.

எவ்வளவு உப்பு போனால் எவ்வளவு அழுத்தம் குறையும் என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டருக்கு 0.1 மோல் பொட்டாசியமும் அதே அளவு குளோரைடும் வெளியேறின என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.2 மோல். வெப்பநிலை 25 டிகிரி, அதாவது 298 கெல்வின்.

```
0.2 × 0.083 × 298 ≈ 4.9 bar
```

ஏறக்குறைய 5 பார். காரின் சக்கரத்தில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். 0.1 என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண், அளந்தது என்று யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம். வெளியே வந்த உப்பு சந்து நீரில் கரைந்திருப்பதால் வேறுபாடு இன்னும் கூடும், அதையும் விட்டுவிட்டேன். செறிவில் சின்ன மாற்றமே அழுத்தத்தில் பெரிய மாற்றமாகிறது என்பதைக் காட்டத்தான் இது.

வால்காக்கை

அப்படியென்றால் மடங்குவது இலவசம், விரிவதற்குத்தான் செலவு?

பழைய நுண்ணோக்கி

ஏறக்குறைய அப்படித்தான். மடங்கும்போது உப்பு சரிவில் உருண்டு இறங்குகிறது. திரும்ப ஏற்ற வேண்டுமே, அதற்குத்தான் வேலை. சவ்வில் உள்ள பம்புகள் ஆற்றலைச் செலவழித்துப் புரோட்டானை வெளியே தள்ளுகின்றன. அதனால் உண்டாகும் மின்னழுத்தத்தைக் கொண்டு பொட்டாசியமும் குளோரைடும் மெல்ல உள்ளே ஏறுகின்றன, நீரும் திரும்புகிறது. மடங்க ஒன்றிரண்டு நொடி, விரிய 10 முதல் 20 நிமிடம் ஆவது இதனால்தான்.

ஊமத்தை, உங்கள் விஷயம் இங்கேதான் வருகிறது. தண்ணீர் நிறைய ஊற்றுவதால் மூட்டில் உப்பு ஏறாது. பம்புக்கு ஆற்றல் வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும், சூடும் வேண்டும். குளிர்ந்த இடத்தில் இந்தச் செடி மந்தமாகிவிடும். இருட்டு மூலையில் வளர்ந்த செடியும் அப்படியே. முதிர்ந்த இலை இளம் இலையைவிடச் சோம்பல். ஒன்று செய்யுங்கள், நுனிக்குப் பக்கத்தில் முழுதாக விரிந்த இளம் இலையை மட்டும் தொட்டுப் பாருங்கள். அது நன்றாக மடங்கி, அடியில் உள்ளவை மடங்கவில்லை என்றால் அது முதுமை. எல்லாமே மந்தம் என்றால் இடம் சரியில்லை.

ஊமத்தை

இப்போதுதான் பார்த்தேன். நுனி இலையும் மந்தமாகத்தான் இருக்கிறது. செடி இருப்பது உள்ளறையில், ஜன்னலுக்குத் தூரமாக. அதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பேரன் வருகிறபோதெல்லாம் அரைமணி நேரம் அதைத் தொட்டுக்கொண்டே இருப்பான்.

தும்பைப்பூ

அக்கா, பேரனுக்கு இன்னொரு செடி வாங்கிக் கொடுங்கள் :)

இன்று ஒரு சோதனை செய்தேன். ஒரு இலையில் நான்கு சீப்புகள். ஒரு சீப்பின் நுனிச் சிற்றிலையை விரலால் மெல்லத் தொட்டேன். அதுவும் பக்கத்தில் சிலதும் மூடின, அங்கேயே நின்றுவிட்டது. செடி விரியும்வரை காத்திருந்து, இன்னொரு இலையில் நுனிச் சிற்றிலையைக் கத்தரியால் வெட்டினேன். இப்போது வேறு மாதிரி. நுனியிலிருந்து அடிநோக்கி ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டே வந்தது. சீப்பின் நீளம் 4.5 செ.மீ., அதைக் கடக்க 3 நொடி. நொடிக்கு 1.5 செ.மீ. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. பிறகு மற்ற மூன்று சீப்புகளும் மூடின, ஆனால் அவை அடியிலிருந்து நுனிக்கு! காம்பும் தொப்பென்று விழுந்தது. ஏன் இந்த வேறுபாடு?

கரிசல்

இது எனக்குத் தெரியும். செடிக்கும் நரம்பு இருக்கிறது. ஜகதீஷ் சந்திர போஸ் நிரூபித்தது.

பழைய நுண்ணோக்கி

போஸ் கல்கத்தாவில் இந்தச் செடியை வைத்துச் செய்தவை உண்மையிலேயே நுட்பமானவை. தூண்டல் மின்துடிப்பாகப் போகிறது என்பதைத் தானே உருவாக்கிய கருவிகளால் பதிவு செய்தார், அதில் அவர் சொன்னது நிலைத்துவிட்டது. நரம்பு என்ற சொல்லை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். தனி நரம்புச் செல் இங்கே கிடையாது, நார்க்கட்டில் உள்ள சாதாரணச் செல்களே துடிப்பைக் கைமாற்றுகின்றன. வேகமும் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான்.

அதே காலத்தில் இத்தாலியில் ரிக்கா என்பவர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார், 1916இல். இதே பேரினத்தைச் சேர்ந்த செடியின் தண்டை வெட்டி, இரண்டு துண்டையும் நீர் நிரம்பிய குழாயால் இணைத்தார். ஒரு பக்கம் காயப்படுத்தினால் மறுபக்கத்து இலை மடங்கியது. நடுவில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் காயத்தின்போது ஏதோ ஒரு பொருள் நீரோடு பயணிக்கிறது.

இருவரும் சண்டை போட்டுக்கொள்ளத் தேவையில்லை. மெல்லிய தொடுதலில் மின்துடிப்பு மட்டும் கிளம்பும், வழக்கமாக மூட்டைத் தாண்டாமல் நின்றுவிடும். உங்கள் முதல் சோதனை அது. வெட்டும்போது துடிப்போடு காயத்தின் சமிக்ஞையும் நீர்க்குழாய்கள் வழியாக வருகிறது, மூட்டைத் தாண்டிவிடும். உங்கள் இரண்டாவது சோதனை. செய்தி காயத்திலிருந்து காம்பின் நுனிக்கு வந்து, அங்கிருந்து மற்ற சீப்புகளுக்குள் அடிப்பக்கமாக நுழைகிறது. அவை அடியிலிருந்து மூடியதற்கு அதுதான் காரணம்.

மூன்றாம்பிறை

இடையில் நுழைகிறேன். ராத்திரி தானாகவே மூடிக்கொள்கிறதே, அதுவும் இதே பம்பு வேலைதானா? நான் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய நுண்ணோக்கி

மூட்டு ஒன்றுதான், பொட்டாசியமும் குளோரைடும்தான். ஆனால் அது செடியின் உள்கடிகாரம் மெல்ல நடத்துவது. ஒரு வேறுபாட்டை நீங்களே பார்க்கலாம். தொட்டு விழுந்த காம்பை மெல்ல ஆட்டினால் மூட்டு தளர்ந்து கிடக்கும். இரவில் இலை மூடியிருக்கும்போது மூட்டு தளர்வதில்லை, விறைப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் தொட்டால் காம்பு இன்னும் கீழே விழும். மூடியிருப்பதாலேயே தோளை எடுத்துவிட்டதாக அர்த்தமில்லை.

வால்காக்கை

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, உப்பு போய்த் தண்ணீர் பின்னால் போவது ஒரு நொடிக்குள் முடியுமா? இரண்டு, இந்தச் செடி கற்றுக்கொள்ளும் என்று ஒரு ஆய்வு படித்தேன். 15 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்தார்கள், சில தடவைக்குப் பிறகு மடங்குவதை நிறுத்திவிட்டது. அது கற்றல் என்றால் இந்தத் தண்ணீர்க் கதையில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது?

பழைய நுண்ணோக்கி

முதலாவது இன்னும் முழுதாகத் தீரவில்லை. செல் சின்னது, கடக்க வேண்டிய தூரமும் சின்னது, சவ்வில் நீருக்கென்றே அக்குவாபோரின் என்ற வாயில்கள் உண்டு. இவை வேகத்துக்கு உதவுகின்றன. அதோடு இந்தச் செல்களில் ஆக்டின் இழைகள் இருக்கின்றன, நம் தசையில் உள்ள அதே புரதம். அவற்றைக் குலைக்கும் மருந்து கொடுத்தால் மடங்குதல் பாதிக்கப்படுகிறது. தசைபோல் இழுக்கிறது என்று இதை வைத்துச் சிலர் எழுதிவிடுவார்கள், நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். வாயில்களைப் பிடித்துவைத்திருப்பதும் அதன் வேலையாக இருக்கலாம். ஆக்டின் சரியாக என்ன செய்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இரண்டாவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த 2014 ஆய்வில், விழவைத்து ஓய்ந்த செடியை வேறு மாதிரி உலுக்கினால் மறுபடி மடங்கியது, ஆகவே சோர்வு இல்லை என்றார்கள். இன்னொருவர் பின்னர் அந்தத் தரவைக் கேள்விக்கு உட்படுத்தி, சோர்வை அதை வைத்து விலக்க முடியாது என்று எழுதினார். உப்பு பாதிதான் ஏறிய மூட்டு மெல்லிய தூண்டலுக்கு அசையாமல், வலுவான தூண்டலுக்கு அசையலாமே. மூட்டின் விறைப்பை ஒவ்வொரு தடவையும் அளந்திருந்தால் நான் நம்பியிருப்பேன்.

தும்பைப்பூ

நீங்கள் சந்தேகப்படலாம், நான் இன்னும் அந்தப் பக்கம்தான் :) பல நாள் கழித்தும் மடங்காமல் இருந்தன என்று அதே ஆய்வு சொல்கிறது. 20 நிமிடத்தில் ஏறிவிடும் உப்பு பல நாள் எப்படிக் காரணமாகும்?

பழைய நுண்ணோக்கி

அது உறுத்துகிற கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

மூன்றாம்பிறை

மடங்குவதால் செடிக்கு என்ன லாபம் என்று யாரும் சொல்லவில்லையே? பூச்சியை உதறிவிடுகிறது என்பார்கள், அது கதையா?

பழைய நுண்ணோக்கி

கதை மட்டும் இல்லை. ஜப்பானில் சைதாமா பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்டது இருக்கிறது. கால்சியம் ஏறினால் ஒளிரும்படி செடியை மாற்றினார்கள். வெட்டுக்கிளி கடிக்கும்போது ஒளி சீப்பில் ஓடுவதும், மூட்டு ஒளிர்ந்த பின்னரே சிற்றிலை மடங்குவதும் படத்தில் தெரிகிறது. அப்புறம் மரபணுத் திருத்தத்தால் மூட்டே உருவாகாத செடியையும் வளர்த்தார்கள். தொட்டால் மடங்காத அந்தச் செடியைப் பூச்சிகள் கூடுதலாகத் தின்றன.

கரிசல்

மூட்டு இல்லாத செடியா! அப்படியென்றால் அந்த இலைகள் இரவிலும் விரிந்தேதான் கிடக்குமா?

ஊமத்தை

செடியை ஜன்னலுக்கு மாற்றி ஐந்து நாள் ஆகிறது. தண்ணீர் ஒரு வேளைதான், அதுவும் மண் காய்ந்தால் மட்டும். இன்று காலை நுனி இலை ஒன்று தொட்டதும் காம்போடு விழுந்தது. பழைய இலைகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. பேரனிடம் ஒரு நாளைக்கு ஒரு இலைதான் என்று சொல்லியிருக்கிறேன், எத்தனை நாள் கேட்பானோ தெரியவில்லை.